காணாக்கடியும் கிரியேட்டினினும்: மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேனுக்கு முன்னும் பின்னும்

"மீன், இறால், நண்டு சாப்பிட்டா ஒத்துக்குமா?" சி.டி. ஸ்கேன் எடுக்க வருபவர்களிடம் பல இடங்களில் இன்னும் முதலில் கேட்கப்படுவது இதுதான். அடுத்து, முன்கையில் துளி மருந்தை ஊசியால் போட்டு, வட்டம் வரைந்து, கால் மணி நேரம் காத்திருந்து "டெஸ்ட் டோஸ் ஓகே" என்று எழுதுவார்கள். சி.டி. அறையில் பல வருடங்கள் வேலை பார்த்த பிறகு சொல்கிறேன்: இந்த இரண்டும் நோயாளியைக் காப்பாற்றுவதில்லை. காப்பாற்றும் கேள்விகள் வேறு. அவற்றுக்குப் பெரும்பாலும் நேரம் கொடுக்கப்படுவதில்லை.

சி.டி.யில் ரத்தக் குழாயில் ஏற்றும் மருந்தைப் பேச்சில் 'டை' என்கிறோம். உண்மையில் அது சாயமே இல்லை, தண்ணீர் மாதிரி நிறமற்றது. அதிலுள்ள அயோடின் எக்ஸ்-கதிர்களைத் தடுப்பதால், மருந்து போகும் ரத்தக் குழாயும் உறுப்பும் படத்தில் பளிச்சென்று தெரிகின்றன. கட்டி, வீக்கம், அடைப்பு எல்லாம் அந்த வெளிச்ச வித்தியாசத்தில்தான் பிடிபடுகின்றன. பெரியவர்களுக்கு ஒரு வயிற்று ஸ்கேனுக்கு 80 முதல் 100 மில்லி வரை ஏற்றுவோம். அயோஹெக்சால், அயோபமிடால், அயோடிக்சனால் என்று பல பெயர்களில் வருகிறது. இந்தப் பெயர்களை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

மீன் கேள்வி எங்கிருந்து வந்தது? கடல் உணவில் அயோடின் இருக்கிறது, இந்த மருந்திலும் அயோடின் இருக்கிறது, ஆகவே ஒன்று சேராதவருக்கு மற்றதும் சேராது என்று யாரோ போட்ட கணக்கு அது. ஆனால் இறாலோ மீனோ ஒத்துக்கொள்ளாமல் போவதற்கு அவற்றிலுள்ள புரதம்தான் காரணம், அயோடின் இல்லை. நாம் தினமும் சமையலில் போடும் உப்பிலேயே அயோடின் கலந்திருக்கிறது. அயோடினே ஒத்துக்கொள்ளாத உடம்பு என்று ஒன்று இருந்தால் அது ஒரு வேளைச் சாம்பாரைக்கூடத் தாங்காது. உணவு அலர்ஜி இருப்பவருக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு உண்டு என்பது சரி. ஆனால் அது எந்த உணவு அலர்ஜிக்கும் பொருந்தும், இறாலுக்கு மட்டும் தனிச் சலுகை எதுவும் கிடையாது.

டெஸ்ட் டோஸ் கதையும் இப்படித்தான். இந்த மருந்தால் வரும் அலர்ஜியில் பெரும்பங்கு, உடம்பு முன்பே பழகி எதிர்ப்பொருள் தயாரித்து வைத்திருப்பதால் வருவதில்லை. மருந்து நேரடியாகச் சில செல்களைத் தூண்டி, அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமினைக் கொட்ட வைக்கிறது. அதனால் வாழ்க்கையில் முதல் தடவை ஏற்றும்போதே வரலாம், துளி மருந்துக்கு ஒன்றும் ஆகாமல் முழு அளவுக்கு வரலாம். துளி மருந்துக்கே பெரிய அளவில் வந்ததும் உண்டு. அமெரிக்க, ஐரோப்பிய ரேடியாலஜி வழிகாட்டுதல்கள் இரண்டும் இதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்கின்றன. ஏற்கெனவே பெரிய அலர்ஜி வந்தவருக்கு எந்த மருந்து காரணம், எது பாதுகாப்பு என்று கண்டுபிடிக்க அலர்ஜி நிபுணர் செய்யும் தோல் பரிசோதனை இருக்கிறதே, அது வேறு விஷயம். அதற்குப் பயன் உண்டு.

பயப்படும் அளவுக்கு இது அடிக்கடி நடக்கிறதா என்றால், இல்லை. ஜப்பானில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கணக்கெடுத்து 1990-ல் வெளியான ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. பழைய வகை மருந்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்குமேல் ஏதோ ஒரு தொந்தரவு வந்தது. இப்போது எல்லோரும் பயன்படுத்தும் புதிய வகையில் அது மூன்றாகக் குறைந்தது. கடுமையானவை பத்தாயிரத்தில் நான்கு பேருக்குத்தான். எண்ணிக்கை குறைவுதான், ஆனால் அந்த நான்கு பேர் யார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் கேள்விகளைச் சரியாகக் கேட்பதும், வந்துவிட்டால் சமாளிக்கத் தயாராக இருப்பதும்தான் வழி.

இதை ஒருவருடைய கதையாகச் சொன்னால் எளிதாகப் புரியும். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஒரு புதன்கிழமை, 68 வயது அம்மா ஒருவரை மருமகள் கூட்டிக்கொண்டு வந்தார். கணையத்தில் ஏதோ இருப்பதுபோல் அல்ட்ராசவுண்டில் தெரிந்ததால், மருந்து ஏற்றி சி.டி. எடுக்க எழுதியிருந்தார்கள். பதினைந்து வருடமாகச் சர்க்கரை. கையில் இரண்டு மாதத்துக்கு முந்தைய ரத்தப் பரிசோதனை, கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.1. படிவத்தில் 'அலர்ஜி: இல்லை' என்று மருமகள் டிக் அடித்திருந்தார். பார்வைக்கு எல்லாம் சரி.

எங்கள் சிஸ்டர் படிவத்தைப் பார்க்காமல் அந்த அம்மாவைப் பார்த்துக் கேட்டார்: "அம்மா, இதுக்கு முன்னாடி எப்பவாவது ஊசி போட்டு ஸ்கேன் எடுத்திருக்கீங்களா?"

"எடுத்திருக்கேன் தாயி. மூணு வருஷம் இருக்கும், வயித்து வலின்னு எடுத்தாங்க."

"எடுத்தப்புறம் உடம்புல ஏதாவது பண்ணுச்சா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. காணாக்கடி மாதிரி கழுத்துலயும் கையிலயும் தடிச்சுது. ஒரு ஊசி போட்டாங்க, போயிடுச்சு."

மருமகளுக்கு அது தெரியாது. அந்த அம்மாவுக்கு அது அலர்ஜி என்று தெரியாது. அலர்ஜி உண்டா இல்லையா என்று படிவத்தில் கேட்டால் இல்லை என்றுதான் வரும். முன்பு என்ன நடந்தது என்று பேச்சாகக் கேட்டால்தான் காணாக்கடி வெளியே வரும். இதே மருந்துக்கு ஏற்கெனவே அலர்ஜி வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு, மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. மீன், இறால், தூசி, பென்சிலின் எதுவும் இதன் பக்கத்தில் வராது. கட்டுப்பாட்டில் இல்லாத ஆஸ்துமாவை மட்டும் இதற்கு அடுத்தபடியாகக் கட்டாயம் கேட்க வேண்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. "போன தடவை ஒத்துக்கலை" என்பவர்களில் பலரிடம் விசாரித்தால், உடம்பெல்லாம் சூடு பரவியது, வாயில் இரும்புக் கசப்பு, சிறுநீர் வந்துவிட்டதுபோல் ஓர் உணர்வு, ஒரு தடவை குமட்டல், அவ்வளவுதான் என்பார்கள். இவை அலர்ஜி இல்லை. நம் ரத்தத்தைவிட அந்த மருந்து அடர்த்தியானது, அதை வேகமாக ஏற்றினால் எல்லோருக்கும் கொஞ்சம் அப்படி இருக்கும். இதை அலர்ஜி என்று கோப்பில் எழுதிவிட்டால், அந்த மனிதருக்கு ஆயுளுக்கும் தேவைப்பட்ட நேரத்தில் சரியான ஸ்கேன் கிடைக்காமல் போகலாம். அதனால் மூன்று விஷயம் கேட்க வேண்டும்: சரியாக என்ன வந்தது, ஏற்றி எவ்வளவு நேரத்தில் வந்தது, அதற்கு என்ன வைத்தியம் செய்தார்கள். தடிப்பு, அரிப்பு, முக வீக்கம், இளைப்பு, தொண்டை அடைப்பு, மயக்கம் என்றால் அது கணக்கில் வரும்.

நான்காவது கேள்வி, எந்த மருந்து ஏற்றினார்கள் என்பது. நல்லவேளையாக மருமகள் பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடவில்லை. அதன் கடைசி வரியில் அயோஹெக்சால் என்று இருந்தது. அந்த ஒரு வார்த்தைக்கு மதிப்பு அதிகம். முன்பு வந்தது லேசான தடிப்பு என்றால், மருந்தை மாற்றி ஏற்றுவதே இப்போது முதல் தற்காப்பு. எதற்கு மாற்றுவது என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அயோடிக்சனால் 'கிட்னிக்கு நல்லது' என்று பெயர் வாங்கியது, விலையும் கூடுதல், அதனால் அதுதான் பாதுகாப்பு என்று பலர் நினைப்பார்கள். ஆனால் வேதி அமைப்பில் அது ஏறக்குறைய இரண்டு அயோஹெக்சாலை ஒட்ட வைத்ததுபோல. அயோஹெக்சால் சேராதவருக்கு அதுவும் சேராமல் போக நிறைய வாய்ப்பு. அயோபமிடாலின் பக்கச் சங்கிலி வேறு மாதிரி. எங்கள் ரேடியாலஜி டாக்டர் அதைத்தான் தேர்ந்தெடுத்தார்.

ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துத் தயார் செய்யும் வழக்கமும் உண்டு. அதில் நன்கு அறியப்பட்ட முறை, ஸ்கேனுக்கு 13 மணி நேரம், 7 மணி நேரம், 1 மணி நேரம் முன்பு என மூன்று தடவை பிரெட்னிசோன் 50 மில்லிகிராம், கடைசி வேளையோடு ஓர் அலர்ஜி மாத்திரை. காலை பத்து மணி ஸ்கேன் என்றால் முந்தைய இரவு ஒன்பது, விடியற்காலை மூன்று, காலை ஒன்பது. ஸ்டீராய்டு வேலை செய்யக் குறைந்தது நான்கைந்து மணி நேரமாவது வேண்டும். ஸ்கேன் மேஜையில் படுக்க வைத்து அப்போதே ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட்டுவிட்டு 'பாதுகாப்பு கொடுத்தாச்சு' என்று மருந்து ஏற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். அது நம் மனதுக்கு ஆறுதல், நோயாளிக்கு இல்லை. இந்த அம்மாவுக்கு முன்பு வந்தது லேசானது, சர்க்கரையும் இருக்கிறது, ஸ்டீராய்டு அதை எகிற வைக்கும். மருந்தை மாற்றினால் போதும், ஸ்டீராய்டு வேண்டாம் என்று டாக்டர் முடிவு செய்தார். முன்பு வந்தது மூச்சுத் திணறலோ ரத்த அழுத்தம் விழுந்ததோ என்றால் முடிவு வேறாகியிருக்கும். மருந்து இல்லாத ஸ்கேன், எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்டு என்று வேறு வழி இருக்கிறதா என்று முதலில் தேடியிருப்பார்கள்.

அலர்ஜி முடிந்தது. அப்புறம் கிட்னி.

இரண்டு மாதத்துக்கு முந்தைய கிரியேட்டினின் 1.1. உடல்நிலையில் மாற்றம் இல்லாதவருக்கு மூன்று மாதத்துக்குள் எடுத்த பரிசோதனை போதும் என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல். அந்தக் கணக்கில் இது செல்லும். ஆனால் 'மாற்றம் இல்லாதவருக்கு' என்ற நிபந்தனையைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறோம். சிஸ்டர் அதையும் கேட்டார்: "இந்த ரெண்டு மாசத்துல காய்ச்சல், வாந்தி பேதி ஏதாவது?" போன வாரம் நான்கு நாள் வாந்தியும் பேதியும். அதோடு முட்டி வலிக்கு மெடிக்கலில் வாங்கிய மாத்திரை, தினம் இரண்டு. அட்டையை எடுத்துக் காட்டினார், டைக்ளோஃபெனாக்.

உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது வலி மாத்திரையும் சேர்ந்தால் கிட்னிக்குப் போகும் ரத்தம் குறைகிறது. அதன்மேல் அடர்த்தியான மருந்தை ஏற்றினால் மூன்றாவது அடி. அன்றே ரத்தம் எடுத்தோம். கிரியேட்டினின் 1.6.

1.6 என்றால் என்ன? தனியாக அந்த எண்ணுக்கு அர்த்தம் குறைவு. கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. தசை நிறைய இருப்பவருக்கு இயல்பிலேயே கூடுதலாக இருக்கும், மெலிந்த வயதானவருக்குக் குறைவாக இருக்கும். அதனால் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து, கிட்னி ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லி ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்று கணக்கிடுகிறோம். ரிப்போர்ட்டில் eGFR என்று இருப்பது அதுதான். 2021-ல் வந்த கணக்கு முறைப்படி, 25 வயது இளைஞனுக்கு கிரியேட்டினின் 1.6 என்றால் அது சுமார் 61. அதே 1.6 இந்த 68 வயது அம்மாவுக்கு சுமார் 35. ரிப்போர்ட்டில் ஒரே எண், ஆனால் இரண்டு கிட்னிகளும் ஒன்றல்ல. இரண்டு மாதத்துக்கு முன் 1.1 இருந்தபோது இவருக்கு 55 இருந்திருக்கிறது.

முப்பதுக்கு மேல் இருந்தால் நரம்பு வழியே ஏற்றும் மருந்தால் கிட்னிக்குப் பெரிய ஆபத்து இல்லை என்பதுதான் இன்றைய நிலைப்பாடு. முன்பு இந்தப் பயம் மிக அதிகமாக இருந்தது. மருந்து ஏற்றிய பிறகு கிரியேட்டினின் ஏறினாலே மருந்தின்மேல் பழி போட்டார்கள். பின்னால், மருந்து ஏற்றாமல் ஸ்கேன் எடுத்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, அவர்களுக்கும் அதே அளவில் ஏறியிருந்தது தெரிந்தது. நோய், காய்ச்சல், நீர்வற்றல், மற்ற மாத்திரைகள் என்று காரணங்கள் வேறு இருந்தன. 2020-ல் அமெரிக்க ரேடியாலஜி கல்லூரியும் தேசிய கிட்னி அறக்கட்டளையும் சேர்ந்து சொன்னது இதுதான்: முப்பதுக்குக் கீழே இருப்பவர், அல்லது திடீர் கிட்னி பாதிப்பில் இருப்பவர், இவர்களுக்குத்தான் முன்கூட்டியே சலைன் ஏற்றுவது போன்ற தற்காப்பு தேவை.

அப்படியானால் 35 இருக்கும் அம்மாவுக்கு உடனே எடுத்திருக்கலாமே? எடுக்கவில்லை. eGFR கணக்கு, கிரியேட்டினின் ஒரே நிலையில் நிற்கிறது என்ற அனுமானத்தில் போடப்பட்டது. 1.1-லிருந்து 1.6-க்கு ஏறிக்கொண்டிருக்கும்போது 35 என்பது உண்மை எண் இல்லை. ரத்தத்தில் கிரியேட்டினின் சேர்வதற்கு நேரம் பிடிக்கும் என்பதால் கிட்னியின் அன்றைய நிலை அதைவிடக் கீழே இருக்கலாம். எண் முப்பதுக்கு மேல் இருந்தாலும் அவர் இரண்டாவது வகையில், திடீர் பாதிப்பில் இருப்பவராக இருக்கலாம். கணையத்தில் சந்தேகம் என்பது வாரக்கணக்கில் தள்ளிப்போடும் விஷயமில்லை, ஆனால் நான்கு நாள் தாங்கும். வலி மாத்திரையை நிறுத்தச் சொல்லி, நிறையத் தண்ணீரும் கஞ்சியும் குடிக்கச் சொல்லி, ஞாயிறன்று மறுபடி ரத்தம் எடுத்தோம். 1.2. eGFR 49. திங்கட்கிழமை ஸ்கேன்.

பக்கவாதம், விபத்து, பெருந்தமனி கிழிந்த சந்தேகம் என்று வந்தால் இந்த வரிசை எதுவும் பொருந்தாது. அங்கே கிரியேட்டினினுக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் கிட்னியைவிடப் பெரிய ஒன்றைப் பறித்துவிடும். கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டே எடுப்பார்கள். ஏற்கெனவே டயாலிசிஸில் இருப்பவருக்கும் பெரிதாகக் கவலை இல்லை. ஸ்கேன் முடிந்த கையோடு அவசர டயாலிசிஸ் தேவையில்லை, வழக்கமான நாளிலேயே செய்துகொள்ளலாம்.

ஞாயிறு இரவுக்கான குறிப்பை எழுதும்போது இரண்டு இடத்தில் கவனம் தேவைப்பட்டது. ஒன்று சர்க்கரை மாத்திரை. மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுப்பதில்லை. கிட்னி திடீரென்று வேலையைக் குறைத்தால் மெட்ஃபார்மின் வெளியேறாமல் தேங்கி, ரத்தத்தில் அமிலம் சேரக்கூடும் என்பதுதான் பயம். eGFR முப்பதுக்கு மேல் இருந்து, திடீர் பாதிப்பும் இல்லையென்றால் நிறுத்தத் தேவையில்லை என்று ரேடியாலஜி வழிகாட்டுதல் சொல்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் எச்சரிக்கையோ, 30 முதல் 60 வரை இருப்பவர்கள் ஸ்கேன் நேரத்தில் நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துப் பரிசோதித்துப் பார்த்துவிட்டுத் தொடர வேண்டும் என்கிறது. போன வாரம்தான் கிட்னி தள்ளாடியது என்பதால் இரண்டாவதைப் பின்பற்றுவது என்று முடிவாயிற்று.

"மெட்ஃபார்மினை நிறுத்துங்க" என்று சொல்லி அனுப்பினால் முடிந்துவிடாது. அந்த அம்மாவின் அட்டையில் மெட்ஃபார்மின் என்ற பெயரே பெரிய எழுத்தில் இல்லை. நம் ஊரில் பெரும்பாலும் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருகின்றன, பெயரின் வாலில் 'எம்' என்ற எழுத்து மட்டும் இருக்கும். அட்டையை நேரில் வாங்கிப் பார்க்காமல் சொன்னால், வீட்டில் எதை நிறுத்துவது என்றே தெரியாமல் எல்லாவற்றையும் நிறுத்துவார்கள், அல்லது எதையும் நிறுத்த மாட்டார்கள். இந்த இரண்டு நாளுக்கு எதைச் சாப்பிடுவது, எதை விடுவது என்று சர்க்கரை டாக்டரிடம் கேட்டு அட்டையின் மேலேயே பேனாவால் எழுதிக் கொடுத்தோம். பிரஷர் மாத்திரையை வழக்கம்போலப் போடச் சொன்னோம்.

இன்னொன்று வெறும் வயிறு. பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வரச் சொல்வது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். வாந்தி வந்தால் புரையேறும் என்ற பயம் பழைய மருந்துகளின் காலத்தில் வந்தது. இன்றைய மருந்துகளுக்குப் பட்டினி தேவையில்லை என்பதே இப்போதைய வழிகாட்டுதல். சில இடங்களில் மூன்று நான்கு மணி நேரம் திட உணவு வேண்டாம் என்பார்கள், பரவாயில்லை. தண்ணீரை நிறுத்தச் சொல்வதுதான் தவறு. நான்கு நாளாகத் தண்ணீர் கொடுத்துத் தேற்றிய கிட்னியை ஒரே இரவில் வறட்சியில் போட்டுவிட்டு அதன்மேல் மருந்து ஏற்றுவதாகிவிடும். சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினியாக வரிசையில் உட்கார்ந்து, ஸ்கேனுக்கு முன்பே சர்க்கரை இறங்கி வியர்த்து விழுந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். கணைய ஸ்கேனுக்கு எப்படியும் வயிற்றில் தண்ணீர் வேண்டும். இரைப்பையும் முன்குடலும் விரிந்தால்தான் பக்கத்திலிருக்கும் கணையம் தெளிவாகத் தெரியும். அந்த அம்மாவுக்கு வந்தவுடனே அரை லிட்டர் தண்ணீர் கொடுத்தோம்.

மருந்து ஏற்றுவது கையால் இல்லை, இயந்திரம் நொடிக்கு மூன்று நான்கு மில்லி வேகத்தில் தள்ளும். அதற்கு முழங்கை மடிப்பில் நரம்புக்குள் செருகும் குழாயான ரோஸ் நிற வென்ஃப்ளான் நன்றாக உட்கார வேண்டும். புறங்கையில் மெல்லிய நரம்பில் போட்டால் மருந்து வெளியே கசிந்து கை வீங்கும். முதலில் சலைனை அதே வேகத்தில் தள்ளி, விரலை வைத்துப் பார்ப்போம். மருந்து போகும்போது சூடாக இருக்கும், சிறுநீர் போனதுபோல் இருக்கும், உண்மையில் போகவில்லை, பயப்படாதீர்கள் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நடுவில் பதறி அசைந்துவிடுவார்கள், படம் வீணாகும்.

ஸ்கேன் நல்லபடியாக முடிந்தது. முடிந்தவுடன் வென்ஃப்ளானைக் கழற்றவில்லை. கடுமையான அலர்ஜி பெரும்பாலும் முதல் இருபது நிமிடத்துக்குள் வந்துவிடும். அதனால் அரை மணி நேரம், சிஸ்டரின் கண்ணுக்கு எதிரே, கையில் வென்ஃப்ளானோடு உட்கார வைப்பது வழக்கம். வந்துவிட்டால் மருந்து செலுத்தத் திறந்த நரம்பு தயாராக இருக்க வேண்டும், ரத்த அழுத்தம் விழுந்த பிறகு நரம்பைத் தேடினால் கிடைக்காது.

அந்த நேரத்தில் ஒருவர் மயங்கினால் முதலில் நாடியைப் பிடிக்க வேண்டும். ஊசி பயத்தில் மயங்குகிறவரின் நாடி மெதுவாக, ஐம்பதுக்குக் கீழேகூட இறங்கும். கால்களைத் தூக்கி வைத்துச் சலைன் ஏற்றினால் பெரும்பாலும் எழுந்துவிடுவார். அலர்ஜியால் மயங்குகிறவரின் நாடி ஓடும், கூடவே தடிப்போ இளைப்போ இருக்கும். அவருக்கு வேண்டியது அட்ரினலின், ஆயிரத்துக்கு ஒன்று அடர்த்தியில் அரை மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில், உடனே. அலர்ஜி ஊசியான அவிலும் ஹைட்ரோகார்டிசோனும் அதற்கு அப்புறம்தான். அவற்றை முதலில் போட்டுவிட்டு அட்ரினலினுக்குத் தயங்குவதுதான் இந்த இடத்தில் உயிரை விலையாகக் கேட்கும் பிழை.

அந்த அம்மாவுக்கு அரை மணி நேரமும் ஒன்றும் ஆகவில்லை. வென்ஃப்ளானைக் கழற்றி, வீட்டுக்கு அனுப்பும்போது மருமகளிடம் சொன்னவை கொஞ்சம்தான். ஊசி போட்ட இடம் வீங்கியிருந்தால் கையை உயரமாக வைத்து ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாம். வலி ஏறிக்கொண்டே போனாலோ, விரல்கள் மரத்தாலோ, தோலில் கொப்புளம் வந்தாலோ இரவானாலும் வர வேண்டும். ஒரு வாரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் தோலில் அரிப்போடு சிவப்புத் தடிப்பு வரலாம், பெரும்பாலும் தானாக அடங்கும். ஆனால் காய்ச்சலோடு வந்தாலோ, வாயும் கண்ணும் புண்ணானாலோ, தோல் உரிந்தாலோ காத்திருக்கக் கூடாது. தண்ணீர் வழக்கத்தைவிடக் கூடுதலாக, தாகத்துக்குமேல் சில டம்ளர் போதும். இதய பலவீனம் இருப்பவருக்கு அந்த அறிவுரையும் கிடையாது, அவர்கள் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். முட்டி வலிக்கு அந்தப் பழைய மாத்திரையைத் தொடக் கூடாது, தேவைப்பட்டால் பாராசிட்டமால். நல்ல கிட்னி மருந்தில் பாதியை இரண்டு மணி நேரத்தில் வெளியேற்றிவிடும், ஒரு நாளில் ஏறக்குறைய எல்லாம் போய்விடும். பால் கொடுக்கும் தாய்மார்கள் பாலைப் பீய்ச்சிக் கொட்டத் தேவையில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பாலில் போவது மிகச் சொற்பம், அதிலும் குழந்தையின் குடல் உறிஞ்சுவது அதில் ஒரு துளி.

புதன்கிழமை காலை, 48 மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம். நடைமுறையில் அதிகம் விட்டுப்போவது இந்தப் பரிசோதனைதான். ஸ்கேன் ரிப்போர்ட் கைக்கு வந்துவிட்டது, நோயாளி வேறு டாக்டரிடம் போய்விட்டார், யார் எழுதிக் கொடுப்பது என்று யாருக்கும் தெரியாது. மெட்ஃபார்மினை நிறுத்தியவர் மறுபடி ஆரம்பிக்காமலே மாதக்கணக்கில் சர்க்கரை ஏறிக் கிடப்பதும் இதனால்தான். அதனால் ஸ்கேன் அன்றே சீட்டை எழுதி, தேதி போட்டுக் கொடுத்தோம்.

கிரியேட்டினின் 1.3 வந்தது. மருமகள் "ஏறிடுச்சே" என்று பதறினார். 48 மணி நேரத்தில் 0.3 அல்லது அதற்கு மேல் ஏறினால்தான் கிட்னி அடி வாங்கியதாகக் கணக்கு. 0.1 என்பது ஒரே ரத்தத்தை இரண்டு தடவை சோதித்தாலே வரக்கூடிய வித்தியாசம். சர்க்கரை டாக்டர் அன்று இரவே பழைய மாத்திரையைத் தொடரச் சொன்னார்.

புதிய ரிப்போர்ட்டின் அடியில் ரேடியாலஜி டாக்டர் இரண்டு வரி சேர்த்திருந்தார்: முந்தைய ஸ்கேனில் அயோஹெக்சாலுக்குத் தோல் தடிப்பு, லேசானது. இந்த முறை அயோபமிடால் 90 மில்லி, ஸ்டீராய்டு இல்லாமல், எந்தத் தொந்தரவும் இல்லை. மருமகள் அந்த இரண்டு வரியை மட்டும் போனில் படம் பிடித்துக்கொண்டார். அடுத்த முறை எந்த ஊரில் எடுத்தாலும் காட்டுவதற்கு.